அளவியில் எஞ்சிய தண்ணீர்

நியமிப்புச் செய்வதற்கு முன் அளவியை எதனால் கழுவ வேண்டும்? உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் விடை உடனே வரும். முதலில் காய்ச்சி வடித்த நீரால், பிறகு அதில் நிரப்பப்போகும் கரைசலால். சரி, கூம்புக் குடுவையை எதனால்? நீரால் மட்டும். ஏன் ஒன்றுக்கு ஒரு முறை, மற்றதற்கு இன்னொரு முறை என்று தொடர்ந்து கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. விடையைக் குறிப்பேட்டில் எழுதிப் பாடமாக்கிய பிள்ளை, அளவியில் இரண்டு கன சென்ரிமீற்றர் தண்ணீர் எஞ்சியிருந்தால் என்ன நடக்கும் என்று ஒருபோதும் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு வாய்ப்பும் கிடைத்ததில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயன்குளத்தை அண்டிய ஸ்கந்தபுரம் போன்ற ஊரில் இது விளங்கிக்கொள்ளக்கூடியதே. 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அக்கராயனும் ஸ்கந்தபுரமும் அந்தச் சனத்தைத் தாங்கின. 2008இல் இந்த ஊர்களே இடம்பெயர்ந்தன. கட்டடங்களைத் திரும்ப எழுப்பிவிடலாம். அளவி, குழாயி, தராசு, போத்தல் போத்தலாக இரசாயனப் பொருள்கள் என்று ஓர் ஆய்வுகூடம் நிறைவதற்கு அதைவிட நீண்ட காலம் எடுக்கும். ஓர் அளவியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால் ஒருவர் திருகைத் திறப்பார், ஒருவர் வாசிப்பார், மீதிப் பதின்மூன்று பேரும் வாசிப்பை எழுதிக்கொள்வார்கள். பிழைவிட்டுத் திரும்பச் செய்து பார்க்க நேரமும் இருக்காது, கரைசலும் இருக்காது.

இந்தக் குறையில் எவ்வளவை வீட்டில் ஒரு கைபேசியையோ பழைய மடிக்கணினியையோ வைத்துத் தீர்க்கலாம்? நியமிப்பு என்ற ஒரே பரிசோதனையை எடுத்து, கடைசிவரை அதனோடு போய்ப் பார்ப்போம்.

இதற்குப் பொருத்தமான மெய்நிகர் ஆய்வுகூடம் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் யாரன் என்ற இரசாயனவியலாளரின் குழு உருவாக்கியது. இலவசமானது. கெம்கலெக்டிவ் என்ற பெயரில் `chemcollective.org` என்ற முகவரியில் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு களஞ்சியம், நடுவில் ஒரு மேசை. களஞ்சியத்திலிருந்து அமிலம், காரம், காட்டி, அளவி, குடுவை என்று வேண்டியதை மேசைக்கு எடுத்து, ஒன்றை மற்றதன் மேல் கொண்டுபோய் வைத்து ஊற்றலாம். திரையில் கனவளவு mL என்றும் செறிவு M என்றும் தெரியும். அவற்றை நம் பாடப்புத்தகத்தின் cm³, mol dm⁻³ என்று வாசித்தால் போதும். சிறிய கைபேசித் திரையில் பாத்திரங்களை நகர்த்துவது சிரமம். பாடசாலைக் கணினி அறையிலோ ஒரு நண்பரின் மடிக்கணினியிலோ செய்வது நல்லது.

0.1 mol dm⁻³ ஐதரோக்குளோரிக்கமிலத்தில் 25 cm³ எடுத்துக் குடுவையில் விடுங்கள். இரண்டு துளி பினோத்தலீன் சேருங்கள். அளவியில் 0.1 mol dm⁻³ சோடியமைதரொட்சைட்டு. செறிவுகள் சமமாக இருப்பதால் 25 cm³ காரம் செல்லும்போது அமிலம் முடியும் என்பது கணக்குப் போடாமலே தெரியும். அப்படித் தெரிந்த ஒன்றை ஏன் செய்ய வேண்டும்? போகும் வழியைப் பார்ப்பதற்காக.

தொடக்கத்தில் pH 1. காரத்தில் 20 cm³ விட்ட பிறகும் அது 2ஐத் தொடாது. ஐந்தில் நான்கு பங்கு அமிலம் போய்விட்டது, pH ஒரு படிகூட ஏறவில்லை. 24 cm³இல் 2.7. பிறகுதான் வேகம் பிடிக்கிறது. 24.95 cm³இல் pH 4. 25.05 cm³இல் pH 10. அளவியின் நுனியிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 cm³. அதாவது இரண்டே துளியில் 4இலிருந்து 10க்குப் பாய்கிறது. முடிவுப் புள்ளிக்கு அருகில் துளித்துளியாக விடு என்று ஆசிரியர் சொல்வதன் முழுக் காரணமும் இந்த இரண்டு துளிக்குள் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் செங்குத்தாக ஏறும் அந்த வளைகோட்டைப் பார்த்து வரைந்தவருக்கும், ஒவ்வொரு கனவளவுக்கும் pHஐக் குறித்துத் தானே வரைந்தவருக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாமவர் அந்தச் செங்குத்துக் கோட்டில் எத்தனை துளி அடங்கும் என்று சொல்லிவிடுவார்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அளவியில் ஊற்றுவதற்கு முன் 50 cm³ காரத்தோடு 2 cm³ நீரைக் கலந்துவிடுங்கள். கழுவிய நீரை வடியவிடாத அளவி இதுதான். மறுபடி நியமித்தால் முடிவுப் புள்ளி 26 cm³இல் வரும். 25ஐ 52ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் வரும் அதே எண். காரம் ஐதானதால் கூடுதலாகச் செலவானது. அது ஐதானது என்று தெரியாத மாணவர் போத்தலில் எழுதிய 0.1ஐயே கணக்கில் போடுவார், அமிலத்தின் செறிவு 0.104 என்று எழுதுவார். நான்கு வீதப் பிழை, அதுவும் உள்ளதைவிடக் கூடுதலான பக்கமாக.

அடுத்து, அளவியைச் சரியாக நிரப்பிக்கொண்டு, குடுவைக்குள் இருக்கும் 25 cm³ அமிலத்தோடு இன்னும் 25 cm³ நீரை ஊற்றுங்கள். தொடக்க pH 1இலிருந்து 1.3க்கு ஏறும். பிள்ளைகள் இங்கே பிழைத்துவிட்டது என்று நினைப்பார்கள். நியமித்துப் பார்த்தால் முடிவுப் புள்ளி அதே 25 cm³. நீர் சேர்த்ததால் அமிலத்தின் செறிவு பாதியானது, அமிலத்தின் மூல் அளவு மாறவில்லை. காரம் தாக்கம் புரிவது மூல்களோடு. குடுவையை நீரால் கழுவலாம், அமிலத்தால் கழுவக்கூடாது என்ற விதி இப்போது தானாக விளங்கும். அமிலத்தால் கழுவினால் சுவரில் ஒட்டிய அமிலமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மெய்நிகர் ஆய்வுகூடத்தின் பெரிய பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: அங்கே வேண்டுமென்றே பிழைவிடலாம். உண்மையான ஆய்வுகூடத்தில் எந்த ஆசிரியரும் அளவிக்குள் தண்ணீர் ஊற்றிப் பார் என்று சொல்லமாட்டார். ஒரு போத்தல் காரம் வீணாகும், ஒரு பாடவேளை போகும். திரையில் வீணாக எதுவுமில்லை. சரியாகச் செய்வதை ஒரு முறை செய்யுங்கள், பிழையாகச் செய்வதை ஆறு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வாசிப்பு கூடுமா, குறையுமா, மாறாதா என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். எழுதாமல் தொடங்கினால் திரை காட்டுவதைப் பார்த்து, "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சொல்லிவிடும்.

காட்டியைத் தெரிவுசெய்வதும் இப்படிப் பிழைவிட்டுப் படிக்க வேண்டிய ஒன்று. ஐதரோக்குளோரிக்கமிலத்தை எடுத்துவிட்டு அதே செறிவுள்ள அசற்றிக்கமிலத்தை வையுங்கள். காட்டியாக மெதயில் செம்மஞ்சளைச் சேருங்கள். அது நிறம் மாறுவது pH 3.1க்கும் 4.4க்கும் இடையில். வன்னமிலத்துக்கு அந்த இடைவெளி செங்குத்துப் பாய்ச்சலின் அடிவாரத்திலேயே வருவதால் பெரிய பாதிப்பில்லை. மென்னமிலத்திலோ pH தொடங்குவதே 2.9இல். காரம் அரை cm³கூடச் செல்லுமுன் நிறம் மாறத் தொடங்கி, ஏறத்தாழ ஏழரை cm³இல் முழுதாக மாறி முடிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு அமிலம் இன்னும் குடுவைக்குள் கிடக்கிறது, காட்டி முடிந்துவிட்டது என்கிறது. அதுவும் ஒரு துளியில் மாறாமல் ஏழு cm³ நீளத்துக்கு மெல்ல மெல்ல மாறும். நிறம் இழுபட்டு மாறினால் காட்டி பிழை என்பதற்கு அதுவே அடையாளம். பினோத்தலீனைப் போட்டால் 25 cm³இல் ஒரே துளியில் இளஞ்சிவப்பு வரும். ஏனென்றால் இந்த நியமிப்பின் சமவலுப் புள்ளி pH 7 அல்ல, 8.7.

ஏன் 8.7? மென்னமிலம் என்றால் என்ன என்பதை மூலக்கூறு மட்டத்தில் பார்க்காமல் இதற்கு விடை தெளியாது. இங்கே இன்னொரு இடம் உதவும். 2001இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய PhET. அதில் `Acid-Base Solutions` என்ற சிமுலேசனைத் திறந்து, வன்னமிலத்தையும் மென்னமிலத்தையும் மாறிமாறித் தெரிவுசெய்து பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் வன்னமிலத்தில் எல்லாம் அயன்களாகப் பிரிந்து நிற்கும். மென்னமிலத்தில் பெரும்பாலானவை பிரியாமல் முழு மூலக்கூறாகவே மிதக்கும். 0.1 mol dm⁻³ அசற்றிக்கமிலத்தில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றுக் கடந்த அளவே பிரிந்திருக்கும். தன் ஐதரசன் அயனை விட மனமில்லாத அமிலம் அது. காரம் வந்து அதைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எஞ்சும் அசற்றேற்று அயன், நீரிடமிருந்து ஓர் ஐதரசன் அயனைத் திரும்பப் பெறப் பார்க்கும். அதனால் நீரில் ஐதரொட்சைட்டு அயன் சிறிது கூடுகிறது. pH 7ஐத் தாண்டுகிறது.

இணையம் சீராக இல்லாத வீட்டுக்கு PhET மிகவும் ஏற்றது. `phet.colorado.edu` தளத்தில் ஒவ்வொரு சிமுலேசனையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளலாம். பிறகு இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும். புளூடூத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அனுப்பலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படியொரு நாளிலும் கைபேசியில் மின்னேற்றம் உள்ளவரை வேலை செய்யக்கூடியது இது. தமிழில் மொழிபெயர்த்த சிமுலேசன்களும் உண்டு, ஆனால் கலைச்சொற்கள் தமிழ்நாட்டு வழக்கில் இருந்தால் குழம்பவேண்டாம். அங்கே தரம்பார்த்தல் என்பது இங்கே நியமிப்பு.

சிமுலேசன் உண்மையான கருவிக்கு ஈடாகுமா என்ற கேள்வியை PhET குழுவே ஆராய்ந்திருக்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பௌதிகவியல் மாணவரில் ஒரு பகுதியினர் உண்மையான மின்குமிழ், கம்பி, மின்கலத்தோடும் மறுபகுதியினர் சிமுலேசனோடும் மின்சுற்றுப் படித்தார்கள். பிறகு உண்மையான சுற்றை அமைக்கச் சொன்னபோது சிமுலேசனில் படித்தவர்களே நன்றாக அமைத்தார்கள், விளக்கமும் நன்றாக எழுதினார்கள். கம்பிக்குள் இலத்திரன் ஓடுவதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தது ஒரு காரணம். ஆனால் இதை அப்படியே நியமிப்புக்குப் பொருத்தமுடியாது. மின்குமிழ் எரிந்ததா இல்லையா என்பதைக் கண் பார்த்தால் போதும். நியமிப்பில் அரைத் துளியைக் கை உணரவேண்டும்.

திரையில் இல்லாதவை எவை என்று தெரிந்துகொள்வது அதனால் முக்கியம். மெய்நிகர் அளவியில் வளிக்குமிழி கிடையாது. உண்மையான அளவியில் திருகுக்குக் கீழே நுனியில் ஒரு குமிழி இருந்து, நியமிப்பின் நடுவில் வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பிய கரைசலும் செலவானதாகக் கணக்கில் வரும். அரை cm³ குமிழி என்றால் 25இல் இரண்டு வீதப் பிழை. பிறைவுருவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்து வாசிக்காவிட்டால் வரும் இடமாறு வழுவும் திரையில் இல்லை. சோடியமைதரொட்சைட்டு வளியிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி நாளுக்கு நாள் வலுவிழப்பதும் இல்லை. அங்கே போத்தலில் 0.1 என்றால் எப்போதும் 0.1தான். கெம்கலெக்டிவ் தளத்தில் துல்லியமாக அளந்து ஊற்றும் முறையோடு, கையால் ஊற்றுவது போன்ற முறையும் உண்டு. இரண்டாவதையே பழகுங்கள். முடிவுப் புள்ளியைத் தாண்டிவிட்ட ஏமாற்றத்தையாவது அது கொஞ்சம் தரும்.

கைக்கு வேண்டிய பழக்கத்தை வீட்டுக் குசினியில் தேடலாம். ஐதரோக்குளோரிக்கமிலத்தையோ சோடியமைதரொட்சைட்டையோ வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. அடைப்பு நீக்கும் தூளும் கழிவறை கழுவும் அமிலமும் அவற்றில்தான் சேர்த்தி. வினாகிரியும் வெற்றிலைச் சுண்ணாம்பும் மஞ்சளும் போதும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதைப் பார்க்காத பிள்ளை நம்மிடையே இல்லை. அந்தச் சிவப்பு ஒரு காட்டியின் நிறமாற்றம். மஞ்சளின் நிறப்பொருள் ஏறத்தாழ pH 7.4இலிருந்து 8.6க்குள் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு மாறும். அசற்றிக்கமில நியமிப்பின் சமவலுப் புள்ளி அதன் மேல்விளிம்பில் விழுகிறது. மெதயில் செம்மஞ்சள் தோற்ற இடத்தில் சமையலறை மஞ்சள் வெல்லும்.

ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பை அரை லீற்றர் மழைநீரில் இட்டு, மூடிக் குலுக்கி, இரவு முழுதும் அடையவிடுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீர் நிரம்பிய கல்சியமைதரொட்சைட்டுக் கரைசல். அடியில் சுண்ணாம்பு எஞ்சியிருக்கவேண்டும், அப்போதுதான் நிரம்பியது என்று நம்பலாம். மூடியைத் திறந்துவைத்தால் வளியின் காபனீரொட்சைட்டு மேலே வெண்ணிற ஆடையைப் படரவிடும். நம் பகல் வெப்பநிலையான 30 பாகையில் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 1.5 கிராம் கரையும். மூலர்த் திணிவு 74 என்பதால் இது 0.02 மூல், ஐதரொட்சைட்டு அயன் அதன் இரண்டு மடங்கு, 0.04 mol dm⁻³.

வினாகிரியில் 10 cm³ எடுத்து மழைநீர் சேர்த்து 100 cm³ ஆக்குங்கள். மழைநீர் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிணற்று நீர் கடினமாக இருந்தால் அதிலுள்ள இருகாபனேற்று அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அளப்பதற்குப் பார்மசியில் வாங்கிய புதிய சிறிஞ், ஊசி வேண்டாம். மஞ்சள் தூளை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் சில துளி எடுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. தூளை நேரே போட்டால் துகள்கள் மிதந்து நிறத்தை மறைக்கும். ஒரு ஜாம் போத்தலில் 10 cm³ சுண்ணாம்புத் தெளிநீரும் மஞ்சள் துளிகளும். கீழே வெள்ளைத் தாள். சிறிஞ்சிலிருந்து ஐதான வினாகிரியைத் துளித்துளியாக விட்டுச் சுழற்றுங்கள். செம்பழுப்பு, மஞ்சளாகத் திரும்பி நிலைக்கும் துளியில் நிறுத்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் தொடங்காதீர்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புதானே என்று இருந்துவிடக்கூடாது, கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். பட்டுவிட்டால் உடனே நிறைய நீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

5 cm³ செலவானது என்று வைத்துக்கொள்வோம். பத்து cm³ சுண்ணாம்புத் தெளிநீரில் 0.0004 மூல் ஐதரொட்சைட்டு அயன். அதே அளவு அமிலம் 5 cm³இல் இருந்தது, எனவே ஐதான வினாகிரி 0.08 mol dm⁻³. பத்து மடங்கு ஐதாக்கியதால் மூலப் போத்தலில் 0.8. அசற்றிக்கமிலத்தின் மூலர்த் திணிவு 60ஆல் பெருக்கினால் லீற்றருக்கு 48 கிராம், அதாவது ஏறத்தாழ 4.8 வீதம். போத்தலின் லேபிளில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். அரை வீதம் கூடிக்குறைந்தால் சோர்ந்துவிடவேண்டாம். சிறிஞ்சில் 0.1 cm³ தவறி வாசித்தாலே இரண்டு வீதப் பிழை. சுண்ணாம்பு வெப்பம் கூடக் கூடக் குறைவாகக் கரையும் பொருள் என்பதால், குளிர்ந்த விடியலில் எடுத்த தெளிநீரும் நண்பகலில் எடுத்ததும் ஒன்றல்ல. மூன்று முறை செய்து வாசிப்புகள் 0.2 cm³க்குள் ஒத்துவந்தால் கை பழகிவிட்டது என்று கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் பிழை எங்கே என்று தேடும் முறையைத் திரையில் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள்.

திரையும் குசினியும் சேர்ந்தும் தரமுடியாத ஒன்று மீதியிருக்கிறது. திருகை இடக்கையால் மெல்லத் திறந்து, நுனியில் தொங்கும் அரைத் துளியைக் குடுவைச் சுவரில் தொட்டு எடுக்கும் பழக்கம் உண்மையான அளவியில் மட்டுமே வரும். வன்னிப் பாடசாலைகளுக்கு உதவ விரும்பும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் கணினியும் திறன்பலகையும் தருவதாகச் சொல்லும்போது, அதிபர்மார் அந்தப் பட்டியலில் நான்கு அளவிகளையும் நான்கு குழாயிகளையும் சேர்த்துக் கேட்கவேண்டும். வீட்டில் ஐம்பது முறை நியமித்துப் பார்த்த பிள்ளைக்கு, அந்த அளவியின் முன் ஒரே ஒரு பாடவேளை தனியாகக் கிடைத்தாலும் போதும்.